மேற்புயத்திலும் தொடையிலும் தசையூசி: இடத்தை விரலால் தேடிப் போடும் முறை

ஊசி போட்ட மறுநாள் "கை நோகுது மிஸ்" என்று சொல்பவர்கள் பலர். அந்த நோவு இரண்டு மூன்று நாளில் தானாகத் தணியும். ஆனால் இரண்டு கிழமை கழித்து வந்து, "தலை இழுக்க ஏலாம இருக்கு, கை பின்னால போகுதே இல்ல" என்று ஒருவர் சொன்னால் அது வேறு கதை. மருந்து தசைக்குள் போகாமல், தோள்மூட்டை ஒட்டியிருக்கும் பர்சா என்ற சிறு பைக்குள் போயிருக்கலாம். அங்கே தொடங்கும் அழற்சி மாதக்கணக்கில் கையை முடக்கிவிடும். மருந்திலோ சிரிஞ்சிலோ குற்றமில்லை. ஊசி இரண்டு விரற்கடை மேலே ஏறிப் போனதுதான் காரணம்.

பயிற்சி முடித்துத் தினமும் ஊசி போடும் தாதியருக்காக இதை எழுதுகிறோம். தசையூசியின் எல்லா இடங்களையும் இங்கே தொடவில்லை. மேற்புயத்தில் டெல்டொயிட் தசை, தொடையில் வஸ்டஸ் லற்றறாலிஸ் தசை, இந்த இரண்டும்தான். கையைப் பற்றியே கூடுதலாகப் பேசுவோம், ஏனென்றால் அங்கேதான் இடம் தவறுவது அதிகம்.

கண் ஏமாற்றும் இடம்

தோளைப் பக்கவாட்டில் பாருங்கள். மிகவும் உருண்டு திரண்டு தெரிவது அதன் மேற்பகுதி. ஊசியோடு நிற்கும்போது கண் அந்த உருண்டைக்குத்தான் போகும். அந்த உருண்டைக்குக் கீழே இருப்பதோ மேற்கை எலும்பின் தலையும் அதன் மேல் படர்ந்த பர்சாவும். தசை அங்கே மெல்லியது. ஊசிக்கு வேண்டிய தடித்த தசை அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே கண்ணை நம்பாமல் விரலால் தேட வேண்டும்.

நோயாளியை உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள். இது சும்மா சொல்வதல்ல. உட்கார்ந்திருப்பவருக்கு நின்றுகொண்டு ஊசி போட்டால் உங்கள் கை மேலிருந்து கீழ்நோக்கி வரும், ஊசி தோளின் உச்சியை நோக்கியே போகும். இருவர் தோளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் ஊசி நேர்க்கோட்டில் போகும். நோயாளியின் முழங்கையை மடக்கி, கையை மடியில் தளர வைக்கச் சொல்லுங்கள்.

இனி அக்ரோமியன். தோள்பட்டை எலும்பின் முகட்டைப் பின்புறத்தில் தொட்டு, அதன் வழியே வெளிப்பக்கம் விரலை நகர்த்துங்கள். தோளின் வெளிமூலையில் கட்டியான ஒரு விளிம்பு தட்டுப்படும். அதுதான் அக்ரோமியன். சதைப்பிடிப்பானவர்களில் எலும்பு சட்டென்று பிடிபடாது. அப்போது ஒரு விரலை அந்த விளிம்பில் வைத்தபடி, மற்றக் கையால் நோயாளியின் முழங்கையை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலுக்குக் கீழே எலும்பு அசைந்தால் நீங்கள் தொட்டிருப்பது மேற்கை எலும்பின் தலை, இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும். அசையாமல் இருந்தால் அக்ரோமியன்.

அந்த விளிம்புக்குக் கீழே இரண்டு அல்லது மூன்று விரல்களைக் கிடையாக வையுங்கள். சிறிய உடம்புக்கு இரண்டு, பெரிய உடம்புக்கு மூன்று. சராசரி வளர்ந்தவரில் இது 5 சென்றிமீற்றர் அளவில் வரும். கடைசி விரலின் கீழ் விளிம்புதான் உங்கள் மேல் எல்லை. கீழ் எல்லைக்கு, முன்பக்கத்தில் அக்குள் மடிப்பு முடியும் இடத்திலிருந்து கையைச் சுற்றிக் கிடையாக ஒரு கோடு போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் இடையே, கையின் வெளிப்பக்க நடுவில், தசை நன்றாகத் திரண்டிருக்கும் இடமே ஊசிக்குரிய இடம். முன்பக்கம் சரியவும் வேண்டாம், பின்பக்கம் சரியவும் வேண்டாம்.

எல்லைகள் ஏன் இவ்வளவு கண்டிப்பு? மேலே பர்சா. கீழே இறங்கினால் ரேடியல் நரம்பு மேற்கை எலும்பைச் சுற்றி வரும் பாதை. ரேடியல் நரம்பில் பட்டால் கரண்ட் அடித்தது போல வலி கீழே பெருவிரல் பக்கம் ஓடும், பிறகு மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கலாம். நடுவிலும் ஒரு நரம்பு இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அக்ரோமியனிலிருந்து 5 முதல் 7 சென்றிமீற்றர் கீழே அக்சிலரி நரம்பு டெல்டொயிட்டின் அடிப்பக்கத்தை ஒட்டி எலும்பைச் சுற்றிப் போகிறது. சரியான இடத்தில் போட்டாலும் அது அருகில்தான் இருக்கிறது. ஊசி தசையின் நடுவில் நின்றால் அதைத் தொடாது. மெலிந்த கையில் தேவைக்கு மேல் நீளமான ஊசியை அடி வரை ஏற்றினால் தொடக்கூடும். ஆகவே உயரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆழமும் சரியாக இருக்க வேண்டும்.

ப்ளவுஸ் கையும் ஷேர்ட் கழுத்தும்

கொழும்பு கிளினிக்குகளில் ஊசி இடம் தவறுவதற்கு உடுப்பும் ஒரு பெரிய காரணம். ஷேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றி கழுத்துப் பக்கத்தால் கீழே இழுத்தால் தோளின் உச்சி மட்டும்தான் தெரியும். தெரிகிற இடத்தில் ஊசி போகும், அதாவது பர்சாவுக்கு நேரே. சாறி ப்ளவுஸின் இறுக்கமான கையை மேலே சுருட்டினால் இதற்கு எதிர்மாறு. கையின் கீழ்ப்பகுதி மட்டும் தெரியும், சுருட்டிய துணி தசையை இறுக்கிப் பிடிக்கும், ஊசி கீழே இறங்கும். இறுக்கிய கையில் ஊசியை எடுத்ததும் இரத்தமும் கூடுதலாகக் கசியும்.

வழி ஒன்றுதான். திரையை இழுத்துவிட்டு, அந்தப் பக்கக் கையை உடுப்பிலிருந்து முழுவதுமாக எடுக்கச் சொல்லுங்கள். தோளின் மூலையிலிருந்து முழங்கை வரை திறந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடும், அவ்வளவுதான். வரிசை நீளமாக இருக்கிறது என்று இதை மட்டும் சுருக்காதீர்கள்.

ஊசியின் நீளம்

வார்டில் நிறத்தைச் சொல்லித்தான் கேட்போம். நீலம் 23 கேஜ், ஒரேஞ்ச் 25 கேஜ், பச்சை 21 கேஜ். நிறம் தடிப்பை மட்டும் சொல்கிறது, நீளத்தைச் சொல்வதில்லை. பெட்டியில் மில்லிமீற்றரைப் பார்த்து எடுங்கள்.

பெரும்பாலான வளர்ந்தவர்களின் மேற்புயத்துக்கு 25 மில்லிமீற்றர் போதும். 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்ணுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆணுக்கும் 38 மில்லிமீற்றர் வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கொழுப்பிலேயே நின்றுவிடும். அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் கொழுப்பில் தங்கினால் சிவந்து, தடித்து, பல நாள் கட்டியாக நிற்கும். 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு, தோலை நன்றாக இழுத்துப் பிடித்தால், 16 மில்லிமீற்றர் ஊசியும் போதுமானது.

மேற்புயத்தில் 1 மில்லிலீற்றர் வரைதான் வசதியாகக் கொள்ளும். அதற்கு மேல் என்றால் வேறு தசையைத் தேடுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தத் தசை போதாது, தொடைதான். டயலிசிஸுக்கு ஃபிஸ்டியுலா போட்ட கை, மார்பகச் சத்திரசிகிச்சையோடு அக்குள் நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கை, இவற்றையும் தவிர்க்க வேண்டும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம்

வெள்ளவத்தையிலிருந்து வரும் 68 வயது அம்மா. 41 கிலோ. துருப்பிடித்த தகரம் காலில் வெட்டியிருக்கிறது. காயத்தைக் கழுவிய பிறகு டொக்டர் ஏற்புவலித் தடுப்பூசி 0.5 மில்லிலீற்றர் எழுதியிருக்கிறார். இதயத்துக்காக வார்ஃபரின் குளிசை குடிக்கிறார் என்று மகள் சொல்கிறார்.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனத்துக்குரியவை: மெலிந்த கை, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை. வார்ஃபரின் என்றதுமே டொக்டரிடம் சொல்லி, கடைசி ஐ.என்.ஆர். அளவைக் காட்டி, தசையூசிதானா என்று உறுதிப்படுத்துங்கள். போடச் சொன்னால் மெல்லிய ஊசி, 23 அல்லது 25 கேஜ்.

மருந்துச் சீட்டோடு பெயர், மருந்து, அளவு, ஒவ்வாமை சரிபார்த்து, கையைக் கழுவுங்கள். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். இந்த மருந்து அடியில் படிந்து நிற்கும், குலுக்காமல் எடுத்தால் முதலாவது ஆளுக்குத் தண்ணீரும் கடைசி ஆளுக்குக் கட்டியும் போகும். குலுக்கியும் திரிதிரியாக நின்றால் அது உறைந்துபோன குப்பியாக இருக்கலாம், ஒதுக்கி வைத்துவிடுங்கள். 0.5 மில்லிலீற்றர் எடுத்து, காற்றை வெளியேற்றி, அளவை மீண்டும் பாருங்கள்.

அம்மாவைக் கதிரையில் உட்கார்த்தி, சாறி முந்தானையை ஒதுக்கி, ப்ளவுஸிலிருந்து இடது கையை எடுக்க மகள் உதவட்டும். அக்ரோமியன் இவரில் தோலுக்குக் கீழேயே துருத்தி நிற்கும், தேடும் வேலையில்லை. இரண்டு விரல் கீழே வாருங்கள். இப்போது அந்த இடத்துத் தசையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துப் பாருங்கள். இந்தப் பிடியில்தான் ஆழம் தெரியும். கொழுப்பு அநேகமாக இல்லை, தசையும் மெல்லியது. கையில் இருப்பது 25 மில்லிமீற்றர் நீல ஊசி மட்டும் என்றால் தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்தால் தசை இன்னும் தட்டையாகி ஊசி எலும்பில் முட்டும். தசையை மெதுவாக அள்ளித் தூக்கிப் பிடியுங்கள். 16 மில்லிமீற்றர் ஊசி இருந்தால் இதற்கு மாறாக, தோலை இழுத்துப் பிடித்துப் போடலாம்.

ஸ்பிரிட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைத்து, 30 வினாடி காய விடுங்கள். சித்திரை மாத வெக்கையில் தோல் வியர்த்திருந்தால் முதலில் வியர்வையை ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய் எரியும், அந்த எரிவை மருந்தின் குற்றம் என்று நினைப்பார்கள். காலையிலேயே பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கிண்ணத்தில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கையும் அதற்குள் போய் வர, அந்தக் கிண்ணமே கிருமிக்கு இடமாகிவிடும்.

சிரிஞ்சைப் பேனை பிடிப்பது போலப் பிடித்து, தோலுக்கு 90 பாகையில், ஒரே வீச்சில் உள்ளே விடுங்கள். தயங்கித் தயங்கி நுழைப்பதுதான் நோகும். இவருக்கு ஊசியின் அடிப்பகுதி தோலைத் தொடும் வரை அழுத்த வேண்டியதில்லை, சில மில்லிமீற்றர் வெளியே நின்றாலும் பாதகமில்லை. எலும்பு முட்டினால் பதறாதீர்கள். கடினமாக ஒரு தடை கையில் உணரும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் பின்னால் எடுத்து, அங்கேயே மருந்தைச் செலுத்துங்கள்.

இழுத்துப் பார்ப்பதா? தடுப்பூசிக்கு இந்த இரண்டு தசைகளிலும் தேவையில்லை. சரியான இடத்தில் பெரிய இரத்தக்குழாய் இல்லை. இழுத்துப் பார்ப்பதால் ஊசி நிற்கும் நேரமும் நோவும்தான் கூடும். ஒருமுறை மட்டும் பாவிக்கும் தடுப்பூசிச் சிரிஞ்சுகளில் பிளஞ்சர் முழுதாக இறங்கினால் பூட்டிக்கொள்ளும், அதோடு விளையாடவும் கூடாது. வேறு மருந்துகளுக்கு உங்கள் வைத்தியசாலையின் நடைமுறை இழுத்துப் பார்க்கச் சொன்னால், ஒரு கணம் இழுத்துவிடாமல் 5 முதல் 10 வினாடி வரை இழுத்துப் பிடியுங்கள். இரத்தம் வந்தால் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

மருந்து போகும்போது கரண்ட் அடித்தது போல வலி கீழே ஓடுகிறது என்று அம்மா சொன்னால் அந்தக் கணமே நிறுத்தி ஊசியை எடுங்கள். "கொஞ்சம் பொறுங்க, முடிஞ்சுது" என்று மிச்சத்தைத் தள்ளிவிடக் கூடாது. மருந்து முழுதும் போனதும் ஊசியைப் போன திசையிலேயே நேராக வெளியே எடுத்து, மூடியைத் திரும்பப் போடாமல் அப்படியே சேஃப்டி பொக்ஸுக்குள் போடுங்கள். உலர்ந்த பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்கக் கூடாது. வார்ஃபரின் குடிப்பவர் என்பதால் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 2 நிமிடம் அழுத்த வேண்டும். மகளிடம் பஞ்சைக் கொடுத்தால் அவர் தேய்க்கத்தான் பார்ப்பார், சொல்லிக் கொடுங்கள். 15 நிமிடமாவது கதிரையில் இருக்க விட்டுப் பாருங்கள்.

போகும்போது சொல்ல வேண்டியது: இரண்டு மூன்று நாள் கை நோகலாம். அதைத் தாண்டியும் நோவு குறையாமல் கை தூக்க ஏலாமல் இருந்தாலோ, தோளின் வெளிப்பக்கம் மரத்துப்போனாலோ, மணிக்கட்டு தொங்கினாலோ, ஊசி போட்ட இடம் பெரிதாக வீங்கிக் கறுத்தாலோ திரும்பி வர வேண்டும். போட்ட கை, இடம், நேரம், தொகுதி எண் எல்லாம் பதிவாகட்டும். பிறகு முறைப்பாடு வந்தால், எந்தக் கை என்று எழுதாத பதிவு யாருக்கும் உதவாது.

தொடை

தொடையில் இடம் தவறுவது குறைவு, ஏனென்றால் தசை பெரியது. நோயாளி படுத்தோ உட்கார்ந்தோ இருக்க, ஒரு உள்ளங்கையை இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்புக்குக் கீழே கிடையாக வையுங்கள். மற்ற உள்ளங்கையை முழங்காலுக்கு மேலே வையுங்கள். இரண்டு கைக்கும் இடையில் மிஞ்சுவது நடு மூன்றிலொரு பகுதி. அங்கே தொடையின் முன்பக்க நடுக்கோட்டுக்கும் பக்கவாட்டு நடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட பட்டையில், வெளிப்புறமாக, 90 பாகையில் போடுங்கள். களிசான் போட்டவரில் வெளிப்பக்கத் தையல்தான் பக்கவாட்டுக் கோடு, அதற்குச் சற்று முன்னால் வரவேண்டும். உட்பக்கம் சரிந்தால் தொடையின் பெரிய நாடியும் நரம்பும் இருக்கும் பக்கம் போகிறீர்கள். நேர் முன்பக்கத்தில் நோவு கூடுதல்.

இரண்டு மாதக் குழந்தைக்கும் இதே இடம், 23 அல்லது 25 கேஜ், 25 மில்லிமீற்றர் ஊசி. தாயின் மடியில் வைத்து, குழந்தையின் ஒரு கையைத் தாயின் கமக்கட்டுக்குள் விட்டு, மற்றக் கையைத் தாய் பிடிக்கட்டும். முழங்கால் சற்று மடங்கியிருந்தால் தசை தளரும். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போடலாம், அழுகை குறையும். ஒரே தொடையில் இரண்டு ஊசி என்றால் இடையில் 2.5 சென்றிமீற்றர் இடைவெளி விட்டு, எது மேலே எது கீழே என்று எழுதுங்கள்.

தொடையின் முக்கியமான வேலை அனஃபிலக்சிஸில். வார்டில் ஒருவருக்கு அன்டிபயோட்டிக் ஏறத் தொடங்கி சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழுகிறது. மருந்தை நிறுத்தி, ஆள் கூப்பிட்டு, 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீற்றரைத் தொடைத் தசையில் போட வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 0.3, 6 மாதம் முதல் 6 வயதுக்கு 0.15 மில்லிலீற்றர். கை ஏன் வேண்டாம் என்றால், தொடையிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் வேகமாகவும் கூடுதலாகவும் ஏறுகிறது. தோலுக்குக் கீழே போட்டாலோ மிகவும் பிந்திவிடும். பிள்ளைகளில் செய்த ஓர் ஆய்வில் தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் உச்சத்தை எட்டியது, தோலுக்குக் கீழே போட்டது 34 நிமிடம் எடுத்தது.

இங்கே நடக்கும் பிழை சிரிஞ்சில். 0.5 மில்லிலீற்றரைத் துல்லியமாக எடுக்க வேண்டும் என்று இன்சுலின் சிரிஞ்சைக் கையில் எடுப்பார்கள். அதன் ஊசி தோலுக்குக் கீழே மட்டும் போகும்படி செய்தது, அளவும் யூனிட்டில் இருக்கிறது. அவசரத்தில் 0.5 என்பது எத்தனை கோடு என்று யோசிக்க நேரமில்லை. 1 மில்லிலீற்றர் சிரிஞ்சும் 25 மில்லிமீற்றர் நீல ஊசியும் அவசரத் தட்டில் சேர்ந்தே கிடக்கட்டும். பருத்தவருக்கென்று 38 மில்லிமீற்றர் ஒன்றும் இருக்கட்டும். அதே தட்டில் நாளத்தில் போடும் 1:10000 அட்ரினலினை வைக்காதீர்கள்.

சாரம் கட்டியவரென்றால் தூக்கிவிட்டு நேரே போடலாம். மெல்லிய ஒற்றைத் துணி களிசானுக்கு மேலாலும் போடலாம், நேரம் போக வேண்டாம். சாறி மட்டும் வேறு. கொசுவம் தொடைக்கு முன்னால் பல மடிப்பாக நிற்கும், 25 மில்லிமீற்றரில் பாதி துணியிலேயே போய்விடும். கீழேயிருந்து பாவாடையோடு சேர்த்துத் தூக்கிவிட்டுத்தான் போட வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் கூடினால் அரைவாசி உட்கார விடலாம், எழும்பி நடக்க விடவே கூடாது. போட்ட நேரத்தை உடனே எழுதுங்கள். 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் அதே அளவை மறுபடி, முடிந்தால் மற்றத் தொடையில்.